ராத்திரி இருமலும் விசில் சத்தமும்: விடாத சளியா, ஆஸ்துமாவா?

செல்வி, கடையம்
என் மகனுக்கு 4 வயது. சாரல் தொடங்கியதும் பிடித்த சளி. மூக்கொழுகல் நின்று வெகுநாளாகியும் இருமல் நிற்கவில்லை. பகலில் நன்றாகத்தான் விளையாடுகிறான். விடியற்காலை எழுந்து உட்கார்ந்துகொண்டு இருமுகிறான், மூச்சு விடும்போது மெல்லிசாக விசில் கேட்கிறது. காய்ச்சல் இல்லை. ஆச்சி, ‘நெஞ்சுச் சளிதான், கரைந்துவிடும்’ என்கிறார். இதைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

முருகன், ஆலங்குளம்
பயப்படாதீங்க தங்கச்சி. என் மகளுக்கும் சளி பிடித்தால் மூச்சு இளைக்கும். பள்ளிக்கூடம் போன பிறகு தானாக நின்றுவிட்டது. இன்ஹேலர் மட்டும் வேண்டாம், பழகினால் விட முடியாது.

மகேஸ்வரி, பாளையங்கோட்டை
குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். முருகன் அண்ணன் சொன்னதில் முதல் பாதி சரி. சின்ன வயதில் சளியோடு மட்டும் வரும் இளைப்பு பல பிள்ளைகளுக்கு வளர வளர நின்றுவிடும். இன்ஹேலருக்கு அடிமையாவது என்று ஒன்று கிடையாது.

செல்வி, சளி இல்லாத நாட்களைக் கவனியுங்கள். ஓடினாலும், விழுந்து விழுந்து சிரித்தாலும், தூசி பட்டாலும் இருமுகிறானா? உடம்பில் அரிப்போடு கரப்பான் படை உண்டா? வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருக்கிறதா? ‘ஆமாம்’ என்றால் ஆஸ்துமா பக்கம்தான் சாயும். மூக்கடைப்பில் வரும் கர்கர் சத்தம் மூக்கைச் சுத்தம் செய்ததும் குறையும், விசில் குறையாது. ராத்திரி அதைச் செல்போனில் வீடியோ எடுங்கள், பகலில் டாக்டர் காது வைத்தால் நெஞ்சு சுத்தமாக இருக்கலாம். தூங்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். 40 அல்லது அதற்கு மேல் போனாலோ, விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

பேச்சியம்மாள், முக்கூடல்
எனக்கும் பீடி சுற்ற உட்கார்ந்தால் இருமல்தான். கற்பூரவல்லிச் சாறு குடித்தால் கேட்கும்.

மகேஸ்வரி
அக்கா, உங்களுக்கு வருவது புகையிலைத் தூள் இருமலாக இருக்கும், நீங்களும் காட்டுங்க. செல்வி, உங்கள் வீட்டிலும் பீடி சுற்றுகிறீர்களா?

செல்வி
ஆமாம், அத்தை சுற்றுவார். இலைத்தட்டு இருக்கும் அறையில்தான் இவன் படுக்கிறான். ஓடினாலும் இருமுகிறான், முழங்கை மடிப்பில் கரப்பானும் உண்டு.

போய்க் காட்டிவிட்டு வந்தோம். வீடியோவைப் பார்த்த டாக்டர், முகமூடி வைத்த ஸ்பேசர் குழாயில், மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பியூட்டமால் பஃப் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் விசில் அடங்கியது. ஊதிப் பார்க்கும் பரிசோதனையை இந்த வயதில் நம்ப முடியாதாம். அதனால் ஸ்டீராய்டு உள்ள தடுப்பு இன்ஹேலரைக் குறைந்த அளவில் தினமும் 2, 3 மாதம் கொடுத்து, பிறகு நிறுத்திப் பார்க்கச் சொன்னார். மருந்தில் அடங்கி, நிறுத்தியதும் திரும்பினால் ஆஸ்துமாவாக எடுத்துக்கொள்வார்களாம்.

முருகன்
ஸ்டீராய்டு தினமுமா? என் மனசு ஒப்பவில்லை.

மகேஸ்வரி
நெஞ்சுக்குள் போகும் அளவு ரொம்பக் குறைவு அண்ணே. போட்டதும் வாய் கொப்பளிக்க வைத்து, முகத்தைத் துடைத்துவிட்டால் போதும். செல்வி, படுக்கையை இலைத்தட்டு இல்லாத அறைக்கு மாற்றுங்கள்.

செல்வி
மாற்றிவிட்டோம். இருமல் குறைந்திருக்கிறது. மருந்தாலா, அறை மாற்றியதாலா என்பது நிறுத்திப் பார்க்கும்போதுதான் தெரியும்.