கம்பெனி மோடமும் சொந்த ரூட்டரும் இருக்கும் வீட்டில் டபுள் நேட்: டிவிஆர் வெளியிலிருந்து திறக்கவில்லை, உதவி தேவை

மாடிவீட்டு வாசு (நங்கநல்லூர்)

வணக்கம். எங்கள் வீட்டில் கீழே அப்பா அம்மா, மாடியில் நாங்கள். ஃபைபர் கம்பெனி கொடுத்த மோடம் கீழே ஹாலில் இருக்கிறது. அப்பாவின் லேண்ட்லைன் போனும் அதில்தான் மாட்டியிருக்கிறது. அதன் வைஃபை மாடிக்கு எட்டாது. அதனால் ஒரு லேன் கேபிள் இழுத்து, மாடியில் சொந்த ரூட்டரின் `WAN` போர்ட்டில் போட்டிருக்கிறேன். நெட் நன்றாகவே வருகிறது.

ஆனால் கீழே இருக்கும் பிரிண்டர் மாடி லேப்டாப்பில் தெரிவதே இல்லை. சிசிடிவி டிவிஆர் மாடி ரூட்டரில் இருக்கிறது. அதற்கு 192.168.0.50 என்று நிலையான ஐபி கொடுத்து, ரூட்டரில் 8000 போர்ட்டைத் திருப்பிவிட்டிருக்கிறேன். மாடி வைஃபையில் படம் வருகிறது. தரமணி ஆபீசிலிருந்து பார்த்தால் வரவில்லை. கீழே அப்பா போனிலும் வரவில்லை.

வீட்டுக்குள் உள்ள பல ஐபிகளை ஒரே ஐபியாக மாற்றி வெளியே அனுப்பும் நேட் வேலையை மோடமும் ரூட்டரும் தனித்தனியாகச் செய்கின்றன, இதற்குப் பெயர் டபுள் நேட், மோடத்தை பிரிட்ஜ் மோடில் போடச் சொல்லுங்கள் என்கிறார் ஒரு நண்பர். கஸ்டமர் கேரில் கேட்டால் மோடத்தை அணைத்துப் போடச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

செந்தில் (முகப்பேர்)

நண்பர் சொன்னது சரிதான். பிரிட்ஜ் மோடு போட்டால் மோடம் வெறும் கன்வெர்ட்டர் ஆகிவிடும், நேட் வேலை முழுக்க உங்கள் ரூட்டரிடம் வந்துவிடும். டிவிஆர், பிரிண்டர் எல்லாம் ஒரே அடியில் சரியாகும். லைன் பார்க்கும் அண்ணனிடம் `PPPoE` யூசர்நேம், பாஸ்வேர்டு வாங்கி ரூட்டரில் போட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

ரவி (பம்மல்)

மாடியில் சிக்னல் வீக் என்றால் ரூட்டரை ஜன்னல் பக்கம் வையுங்கள், சானலையும் மாற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஸ்பீடு ஏறியது.

மாடிவீட்டு வாசு (நங்கநல்லூர்)

ரவி சார், ஸ்பீடில் குறை இல்லை. ஒரு பெட்டியில் இருப்பது இன்னொரு பெட்டியில் இருப்பதைப் பார்க்க முடியவில்லை என்பதுதான் பிரச்சினை.

கீதா (அம்பத்தூர்)

வாசு சார், பிரிட்ஜுக்கு ஓடுவதற்கு முன்னால் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். இதே போன்ற வீட்டு இணைப்புகளைச் சரிசெய்வது என் அன்றாட வேலை. நிறைய பேர் பிரிட்ஜுக்காக கம்பெனியோடு மல்லுக்கட்டி, கடைசியில் டிவிஆர் அப்படியே திறக்காமல் இருப்பதைப் பார்த்து நொந்துபோகிறார்கள்.

முதலில் மாடி லேப்டாப்பில் இந்த இரண்டையும் ஓட்டுங்கள்:

```
tracert -d 8.8.8.8
curl -4 ifconfig.me
```

அடுத்து, கீழே மோடத்தின் பக்கத்தைத் திறந்து `Status` பகுதியில் `WAN` ஐபி என்ன என்று பாருங்கள். இதுதான் முக்கியம். `tracert` காட்டும் மூன்றாவது வரியை வைத்து மட்டும் முடிவு செய்யக்கூடாது. கம்பெனிக்குள் இருக்கும் ரூட்டர்கள் தனி ஐபி வைத்திருக்கலாம், ஆனாலும் உங்கள் மோடத்துக்குப் பொது ஐபி கிடைத்திருக்கலாம்.

மூன்றாவதாக, உங்கள் ரூட்டரின் `WAN` ஐபியைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 192.168.1.ஏதோ என்று இருக்கும். கீழே மோடம் வைஃபையில் இருக்கும் அப்பா போனில், டிவிஆர் ஆப்பில் அந்த ஐபியையும் 8000 போர்ட்டையும் கொடுத்துப் பாருங்கள். படம் வந்தால் நீங்கள் ரூட்டரில் போட்ட ஃபார்வர்டிங் சரியாக வேலை செய்கிறது, தடை அதற்கு மேலே இருக்கிறது என்று தெரிந்துவிடும். வராவிட்டால் முதலில் ரூட்டரையே பார்க்க வேண்டும்.

மாடிவீட்டு வாசு (நங்கநல்லூர்)

நன்றி மேடம். பார்த்தேன்.

```
1   <1 ms   <1 ms   <1 ms   192.168.0.1
2    2 ms    1 ms    2 ms   192.168.1.1
3    5 ms    4 ms    5 ms   100.81.0.1
```

`curl` காட்டியது 103 என்று தொடங்கும் ஐபி. மோடத்தின் `WAN` ஐபி 100.81.14.9. என் ரூட்டரின் `WAN` ஐபி 192.168.1.5. அப்பா போனில் 192.168.1.5, போர்ட் 8000 என்று கொடுத்ததும் படம் வந்துவிட்டது!

கீதா (அம்பத்தூர்)

அப்போது விடை கிடைத்துவிட்டது. உங்களுக்கு இருப்பது இரண்டு நேட் இல்லை, மூன்று. மாடி ரூட்டர் ஒன்று, கீழே மோடம் ஒன்று, கம்பெனியின் மெஷின் ஒன்று. 100.64 முதல் 100.127 வரை உள்ள ஐபிகளை, கம்பெனிகள் தங்களுக்குள் வாடிக்கையாளர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதற்கென்றே 2012இல் ஒதுக்கினார்கள். உங்கள் 100.81 அதற்குள் வருகிறது. வெளியுலகத்துக்குத் தெரியும் அந்த 103 ஐபியை உங்களோடு இன்னும் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. ஆபீசிலிருந்து அந்த ஐபியின் 8000 போர்ட்டைத் தட்டினால், எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று கம்பெனி மெஷினுக்குத் தெரியாது. அங்கே நீங்கள் ஃபார்வர்டிங் போடவும் முடியாது.

செந்தில் சொன்னது பாதி சரி. பிரிட்ஜ் போட்டால் வீட்டுக்குள் இருக்கும் இரண்டு நேட்டில் ஒன்று போகும். 100.81 என்ற அந்த ஐபி உங்கள் ரூட்டருக்கு இடம் மாறும். டிவிஆர் அப்போதும் வெளியிலிருந்து திறக்காது.

அதனால் உங்கள் வீட்டுக்கு பிரிட்ஜை விட, மாடி ரூட்டரை ஆக்சஸ் பாயிண்ட் ஆக்குவதுதான் நல்லது. அதாவது ரூட்டர் நேட் செய்யாது, மோடத்தின் நெட்டை அப்படியே மாடிக்குக் கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. பிரிட்ஜில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: அப்பாவின் லேண்ட்லைன். மோடத்தில் இன்டர்நெட்டுக்கு ஒரு இணைப்பு, போனுக்கு ஒரு இணைப்பு என்று தனித்தனியாக இருக்கும். யாராவது அவசரத்தில் தவறான இணைப்பில் கைவைத்தால் போன் செத்துவிடும். `VLAN ID` எண் தெரியாமல் மாற்றினால் நெட்டும் வராது.

செந்தில் (முகப்பேர்)

ஏற்கிறேன் மேடம். எனக்குப் பொது ஐபி இருந்ததால் பிரிட்ஜ் போட்டதுமே சரியாகிவிட்டது. அதனால்தான் அப்படிச் சொன்னேன்.

ஜமால் (பெரம்பூர்)

நான் பிரிட்ஜும் போடவில்லை, ஆக்சஸ் பாயிண்ட்டும் ஆக்கவில்லை. பையனின் பிளேஸ்டேஷனில் `NAT Type 3` என்று வந்துகொண்டே இருந்தது. மோடத்தில், வெளியிலிருந்து வருவதையெல்லாம் ஒரே கருவிக்கு அனுப்பும் `DMZ` என்ற இடத்தில் என் ரூட்டரின் ஐபியைப் போட்டேன், `Type 2` ஆகிவிட்டது. வாசு சாருக்கும் அது போதுமே?

கீதா (அம்பத்தூர்)

ஜமால் பாய், உங்கள் மோடத்தின் `WAN` ஐபி பொது ஐபியாக இருக்க வேண்டும். அப்படியென்றால் நீங்கள் செய்தது நல்ல வழிதான், இரண்டு நேட்டும் இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு வேலை மட்டும் பாக்கி: மோடத்தில் ரூட்டருக்கு அந்த ஐபியை ரிசர்வ் செய்துவிடுங்கள். கரண்ட் போய் வந்தபின் ரூட்டருக்கு வேறு ஐபி கிடைத்தால் `DMZ` காலி இடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். வாசு சார் வீட்டில் இது உதவாது, கம்பெனி மெஷினே தடுத்துவிடுகிறது. பிரிண்டரும் தெரியாது.

மாடிவீட்டு வாசு (நங்கநல்லூர்)

புரிகிறது. ஆனால் என் ரூட்டர் பழசு, அதன் மெனுவில் ஆக்சஸ் பாயிண்ட் மோடு என்று எதுவும் இல்லை. அப்பா வேலைக்கு இடையூறு இல்லாமல் செய்ய வேண்டும்.

கீதா (அம்பத்தூர்)

பரவாயில்லை, கையாலேயே செய்யலாம். வரிசை முக்கியம். லேப்டாப்பை ரூட்டரின் லேன் போர்ட்டில் கேபிளால் இணைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

டிவிஆரிலிருந்து ஆரம்பியுங்கள். அதற்கு 192.168.0.50 என்று கையால் கொடுத்திருக்கிறீர்கள். ரூட்டர் மாறியபின் வீடு முழுக்க 192.168.1 ஆகிவிடும், டிவிஆர் மட்டும் பழைய ஐபியோடு யாருக்கும் தெரியாமல் கிடக்கும். டிவிஆரை டிவியில் இணைத்து, அதன் நெட்வொர்க் மெனுவில் 192.168.1.50 என்றும், கேட்வே 192.168.1.1 என்றும் மாற்றுங்கள். மோடம் தானாகக் கொடுக்கும் ஐபி வரிசைக்குள் 50 வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் வேறு எண் எடுங்கள்.

அப்புறம் ரூட்டரில், கருவிகளுக்குத் தானாக ஐபி கொடுக்கும் `DHCP Server` என்பதை அணையுங்கள். அதன் பிறகு, கீழேயிருந்து வரும் கேபிளை `WAN` போர்ட்டிலிருந்து கழற்றிவிட்டு, ரூட்டரின் லேன் ஐபியை 192.168.1.2 ஆக்குங்கள், இதுவும் மோடத்தின் வரிசைக்கு வெளியே இருக்க வேண்டும். ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். கடைசியாக, கழற்றிய அந்தக் கேபிளை ஒரு லேன் போர்ட்டில் போடுங்கள். இனி `WAN` போர்ட் காலியாகவே இருக்கட்டும்.

சரியாக நடந்ததா என்று பார்க்க, லேப்டாப்பில் `ipconfig` ஓட்டுங்கள். `Default Gateway` 192.168.1.1 என்று வர வேண்டும். 192.168.1.2 என்று வந்தால் ரூட்டரில் `DHCP Server` இன்னும் ஓடுகிறது என்று அர்த்தம். அந்த நிலையில் வீட்டில் சில கருவிகளுக்கு நெட் வரும், சிலவற்றுக்கு வராது, எது என்பதும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் அதை அப்படியே விடாதீர்கள்.

ஒரு இழப்பு உண்டு. ரூட்டரில் குழந்தைகளுக்கு நேரக் கட்டுப்பாடு வைத்திருந்தால் அது பெரும்பாலும் வேலை செய்யாது. கெஸ்ட் வைஃபையில் வருபவர்களும் உங்கள் கருவிகளைப் பார்க்க வாய்ப்புண்டு. அதை அணைத்துவிடுவது நல்லது.

மாடிவீட்டு வாசு (நங்கநல்லூர்)

செய்தாயிற்று. கேட்வே 192.168.1.1. `tracert` ஓட்டினால் 192.168.0.1 வரியே இல்லை, நேராக 192.168.1.1. பிரிண்டர் தானாகவே லேப்டாப் பட்டியலில் வந்துவிட்டது. அப்பா போனில் 192.168.1.50 என்று கொடுத்தால் படம் வருகிறது. லேண்ட்லைனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆபீசிலிருந்து டிவிஆர் பார்ப்பதுதான் பாக்கி. மோடத்தில் ஃபார்வர்டிங் போட்டால் பயனில்லை, சரிதானே?

கீதா (அம்பத்தூர்)

பயனில்லை. போர்ட் வழியாகத்தான் வேண்டும் என்றால் கம்பெனியிடம் பொது ஐபி, நிலையான ஐபி தருவார்களா என்று கேளுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். படம் பார்ப்பது மட்டும்தான் தேவை என்றால், டிவிஆர் மெனுவில் `P2P` அல்லது கியூஆர் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். அதில் டிவிஆரே உள்ளேயிருந்து வெளியே போய்த் தயாரிப்பாளரின் சர்வரில் இணைந்து நிற்கும், அதனால் எத்தனை நேட் இருந்தாலும் தடையில்லை. அதற்கு முன் டிவிஆரின் பாஸ்வேர்டைக் கட்டாயம் மாற்றுங்கள். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டோடு வீட்டு கேமராவை வெளியே காட்டுவது எனக்குச் சற்றும் சம்மதமில்லை.

மாடிவீட்டு வாசு (நங்கநல்லூர்)

`P2P` இருக்கிறது, மொபைல் டேட்டாவில் படம் வருகிறது. ஆபீஸ் வைஃபையில் மட்டும் வரவில்லை, அங்கே தடுத்திருப்பார்கள் போல.

இன்னொன்று: இப்போது `ipconfig` பார்த்தால் 2 என்று தொடங்கும் நீளமான `IPv6` முகவரி ஒன்றும் லேப்டாப்புக்கு வருகிறது. ரூட்டர் நடுவில் இருந்தபோது இது வந்ததில்லை. இதை வைத்து டிவிஆரை நேரடியாகத் திறக்க முடியுமா?

கீதா (அம்பத்தூர்)

`IPv6` முகவரிக்கு நேட் தேவையில்லை, அதனால் வழி இருக்கிறது. ஆனால் டிவிஆருக்கு `IPv6` தெரிய வேண்டும், மோடத்தின் ஃபயர்வாலில் அந்த ஒரு போர்ட்டை மட்டும் திறக்க இடம் இருக்க வேண்டும். கம்பெனி மோடங்களில் ஃபயர்வால் முழுக்க மூடு அல்லது முழுக்கத் திற என்று மட்டும் இருப்பதும் உண்டு. அப்படியிருந்தால் திறக்காதீர்கள், வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் வெளியே தெரிந்துவிடும். டிவிஆர் மாடலையும், மோடத்தின் ஃபயர்வால் பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்பதையும் இங்கே போடுங்கள், பார்க்கலாம்.

ஜமால் (பெரம்பூர்)

மேடம், என் மோடத்திலும் ஐபி ரிசர்வ் எங்கே என்று தேடுகிறேன், கிடைக்கவில்லை. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

செந்தில் (முகப்பேர்)

பாய், லேன் செட்டிங்கில் `DHCP` பக்கத்துக்குள் `Static IP` அல்லது `Address Reservation` என்று இருக்கும். ரூட்டரின் `WAN` மேக் முகவரியை அங்கே போட வேண்டும், ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரி சில சமயம் லேன் பக்கத்தினுடையது. மோடத்தின் இணைந்த கருவிகள் பட்டியலில் இருந்து எடுத்தால் தவறாது.