[கலைச்சொல்] நாட்டின் சீர்நேரமே ஒரு மணி நகர்ந்தால் அதற்கு என்ன பெயர்?

முருகேசன் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம்.

நாட்காட்டிச் செயலி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஓர் அறிவிப்பில் வந்து நின்றுவிட்டேன். ஒரு நாடு தன் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொண்டால், "உங்கள் பகுதியின் இன்னது மாறிவிட்டது, முன்பே குறித்த சந்திப்புகளைச் சரிபார்க்கவும்" என்று செயலி சொல்லும். அந்த "இன்னது" என்ன என்பதுதான் கேள்வி.

கோடையில் மட்டும் கடிகாரத்தை முன்தள்ளி வைக்கும், ஆண்டுதோறும் வந்துபோகும் கோடைநேரத்துக்குத் தனி அறிவிப்பு இருக்கிறது. இரண்டுக்கும் "நேர மாற்றம்" என்றே போட்டுவிடலாம். ஆனால், ஒன்றில் பயனர் எதுவும் செய்ய வேண்டாம், மற்றதில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 2024 மார்ச் 1 அன்று கஜகஸ்தான் மாறியபோதுதான் செயலியில் இந்த அறிவிப்பைச் சேர்த்தார்களாம்.

ரவி எழுதியது:

இது எளிது முருகேசன். கோடைநேரத்தைத் திருப்பாமல் அப்படியே வைத்துக்கொள்வதுதானே? துருக்கி 2016-இல் செய்தது. "நிரந்தரக் கோடைநேரம்" என்று போட்டால் முடிந்தது.

செல்வி எழுதியது:

ரவி, துருக்கிக்கு அது சரி. முருகேசன் சொல்லும் கஜகஸ்தானுக்குப் பொருந்தாது. அங்கே 2005 முதல் கோடைநேரமே கிடையாது. மேலும், அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்தார்கள், கோடைநேரம் முன்னுக்குத் தள்ளும்.

உலகப் பொது நேரமான யூடிசியை வைத்துச் சொன்னால், அந்த நாடு மேற்கே யூடிசி+5, கிழக்கே யூடிசி+6 என்று இரண்டாகப் பிரிந்திருந்தது. அல்மாத்தி, அஸ்தானா இரண்டும் கிழக்குப் பக்கம். நாடு முழுவதும் ஒரே நேரம் வேண்டும் என்று அரசு முடிவெடுத்து, கிழக்கை மேற்கோடு சேர்த்தது. சூரியனுக்குப் பொருந்திய நேரமும் அதுதான் என்பது இன்னொரு வாதம். அல்மாத்தியைப் பொறுத்தவரை இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஊர் ஏறத்தாழ 77 பாகை கிழக்கில் இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் கிரீன்விச்சுக்கு 5 மணி 8 நிமிடம் முன்னால் வரும். பழைய கடிகாரப்படி அங்கே உச்சிப்பொழுது சராசரியாக 12:52-க்கு. இப்போது 11:52-க்கு.

அப்படியானால் அந்தக் கூடுதல் ஒரு மணி எங்கிருந்து வந்தது? 1930-இல் சோவியத் அரசு ஓர் ஆணை போட்டு ஒன்றியம் முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளியது. அல்மாத்தி அன்றுதான் ஐந்திலிருந்து ஆறுக்குப் போனது. ஆக, 1930-இல் ஏறியது 2024-இல் இறங்கியிருக்கிறது.

கிழக்கு ஓரத்தில் கதை வேறு. ஓஸ்கெமென் போன்ற ஊர்களில் இப்போது டிசம்பரில் பொழுது நான்கு மணிக்கு முன்பே சாய்ந்துவிடுகிறது. பழைய நேரத்தைத் திருப்பித் தரச் சொல்லி இணையத்தில் மனுப் போட்டார்கள். நாட்டுக்கு ஒரே கடிகாரம் என்றால் யாரோ ஒரு கோடியில் இருப்பவர்தான் விலை கொடுக்கிறார்.

முருகேசனின் அறிவிப்பு எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் ஒருவர், மார்ச் 10 காலை 10 மணிக்கு அல்மாத்தியில் மருத்துவரைப் பார்க்கக் குறித்து வைக்கிறார். செயலி அதை யூடிசிக்கு மாற்றி 04:00 என்று சேமிக்கிறது. நேரத் தரவு புதுப்பிக்கப்பட்ட பிறகு அதே 04:00 அவருக்குக் காலை 9 மணியாகத் தெரியும். மருத்துவர் வழக்கம்போல பத்து மணிக்குத்தான் வருவார். ஊர் நேரத்தையும் `Asia/Almaty` என்ற பெயரையும் சேர்த்துச் சேமித்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. பல செயலிகள் அப்படிச் செய்வதில்லை.

தமிழாசிரியர் (ஓய்வு) எழுதியது:

செல்வியம்மாவின் விளக்கத்துக்கு நன்றி. எனக்குத் தோன்றுவது: "சீர்நேரப் பெயர்ச்சி". இந்திய சீர்நேரம் என்று ஏற்கெனவே எழுதுகிறோம். இருந்த இடத்தை விட்டு இன்னோர் இடத்தில் போய் அமர்வது பெயர்ச்சி. "மாற்றம்" என்பது எதற்கும் பொருந்தும் பொதுச்சொல், இதற்குப் போதாது.

ரவி எழுதியது:

ஐயா, மன்னிக்கவும். பெயர்ச்சி என்றதும் சனிதான் நினைவுக்கு வருகிறார். அறிவிப்பைப் பார்த்தால் எந்த ராசிக்கு என்று கேட்பார்கள். தவிர, சனி நிரந்தரமாகவா உட்காருகிறார்? இரண்டரை ஆண்டில் கிளம்பிவிடுகிறார். நாம் தேடுவது நிரந்தர மாற்றத்துக்கான சொல்.

செல்வி எழுதியது:

அந்த வகையில் பெயர்ச்சி ரொம்பப் பொருத்தம். ரஷ்யா 2011 மார்ச்சில் கோடைநேரத்திலேயே நிலைத்துவிட்டது, இனி மாற்றமே இல்லை என்று. குளிர்காலக் காலைகள் இருட்டாக இருக்கின்றன என்று முணுமுணுப்பு எழுந்து, 2014 அக்டோபரில் ஒரு மணி பின்னுக்கு வந்தது. வோல்கோகிராட் பகுதி 2018 அக்டோபரில் மாஸ்கோவைவிட ஒரு மணி முன்னே போனது, 2020 டிசம்பரில் திரும்பிவிட்டது. சனியின் இரண்டரை ஆண்டைக்கூட அது தாண்டவில்லை!

இங்கே "நிரந்தரம்" என்றால் திரும்பும் தேதி சட்டத்தில் இல்லை என்பது மட்டுமே பொருள். கோடைநேரத்துக்கு அந்தத் தேதி உண்டு. அதனால், "நிரந்தர" என்ற அடைமொழி சொல்லுக்குள் வேண்டாம் என்பது என் கருத்து.

நவம் எழுதியது:

வணக்கம். எங்களுக்கு இது பழகின விசயம். "பழைய நேரம்", "புது நேரம்" என்று சொன்னாலே விளங்கும், ஏன் இவ்வளவு யோசனை?

1996 மே மாதம் இலங்கையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். மழை இல்லாமல் நீர்த்தேக்கங்கள் வற்றி மின்சாரத்துக்குப் பெரிய தட்டுப்பாடு. பின்னேரம் விளக்குப் போடும் நேரத்தைப் பிந்தப் பண்ணலாம் என்பது கணக்கு. அக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் குறைத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை கிடந்தது.

புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்கள் இந்த மாற்றத்தை ஏற்கவேயில்லை. சமாதான காலத்தில் நான் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குப் போய்வருவேன். வவுனியாவில் ஒன்பது மணி என்றால் அங்கே எட்டரை. யாரோடும் நேரம் பேசினால் முதல் கேள்வி "பழைய நேரமோ புது நேரமோ" என்பதுதான்.

இன்னொன்று, நாங்கள் எழுதுவது "நியம நேரம்". சீர்நேரம் எங்கள் வழக்கில் இல்லை.

முருகேசன் எழுதியது:

நவம் அண்ணா, நீங்கள் சொல்வது மாறிய பிறகு இரண்டு நேரங்களையும் அழைக்கும் பெயர். எனக்கு வேண்டியது மாறும் நிகழ்வுக்கான பெயர். ஆனால், உங்கள் கதையில் ஒரு செய்தி கிடைத்தது: மாறுவது ஒரு மணியாகவும் இருக்கலாம், அரை மணியாகவும் இருக்கலாம். சொல்லுக்குள் அளவு வரக்கூடாது.

செல்வி, ஒரு சந்தேகம். "கடிகார நகர்வு" என்று எளிமையாகப் போட்டால் என்ன? யாருக்கும் உடனே புரியும்.

செல்வி எழுதியது:

புரியும், ஆனால் பாதி இடங்களில் தப்பாகிவிடும். ரவி முதலில் சொன்ன துருக்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். அல்மாத்தியில் நடந்ததையும் இஸ்தான்புல்லில் நடந்ததையும், நேரத் தரவைக் காட்டும் `zdump -v` கட்டளை கொடுத்து அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும் (நாள் கிழமையை நீக்கிச் சுருக்கியிருக்கிறேன்):

```
Asia/Almaty      Feb 29 23:59:59 2024 +06   isdst=0 gmtoff=21600
Asia/Almaty      Feb 29 23:00:00 2024 +05   isdst=0 gmtoff=18000

Europe/Istanbul  Sep  6 23:59:59 2016 EEST  isdst=1 gmtoff=10800
Europe/Istanbul  Sep  7 00:00:00 2016 +03   isdst=0 gmtoff=10800
```

அல்மாத்தியில், யூடிசியிலிருந்து எத்தனை நொடி தள்ளி என்று காட்டும் `gmtoff` 3600 நொடி குறைந்திருக்கிறது. பிப்ரவரி 29 இரவு 11 மணி இரண்டு முறை வந்தது, அன்றைக்கு 25 மணி நேரம். இரவு 11:30-க்கு ஓட வேண்டிய தானியங்கி வேலை இரண்டு முறை ஓடியிருக்கலாம். கோடைநேரமா இல்லையா என்று காட்டும் `isdst` மட்டும் இரண்டு வரியிலும் பூச்சியம். அதை மட்டும் பார்த்து நேர மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் நிரலுக்கு எதுவுமே நடந்ததாகத் தெரியாது.

இஸ்தான்புல்லில் நேர்மாறு. கடிகாரம் ஒரு நொடிகூட நகரவில்லை. முன்பும் பின்பும் 10800 நொடிதான். ஆனால், நேற்று வரை "இரண்டு மணி, அதன்மேல் கோடைக்கு ஒன்று" என்றிருந்தது, இன்று "மூன்று மணி" என்று ஆகிவிட்டது. அடித்தளம்தான் மாறியது. யாரும் கடிகாரத்தைத் தொடவில்லை. விளைவு அக்டோபர் 30 அன்று தெரிந்தது: வழக்கமாகப் பின்னுக்கு வைக்கும் நாள் அது. நேரத் தரவு புதுப்பிக்கப்படாத கருவிகள் தாமாகவே ஒரு மணி பின்னுக்குப் போயிருக்கும்.

பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தி மின்சாரத்தை மிச்சப்படுத்தலாம் என்றுதான் துருக்கி அரசு காரணம் சொன்னது. இஸ்தான்புல் 29 பாகையில் இருக்கிறது, அதன் இயல்பான நேரம் இரண்டு மணிக்குச் சற்றே குறைவு. மூன்றில் நிறுத்தியதால் டிசம்பர் கடைசியில் எட்டரை மணியை ஒட்டித்தான் விடிகிறது. பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

கிரீன்லாந்தைப் பார்த்தால் இன்னும் குழப்பம். 2023 மார்ச்சில் வழக்கமான கோடைநேரம்போலவே ஒரு மணி முன்னே வைத்தார்கள். அந்த இலையுதிர்காலத்தில் திருப்பவில்லை. -3 ஆக இருந்த சீர்நேரம் -2 ஆனது. பிறகு 2024 மார்ச்சில் அதன்மேல் புதிதாகக் கோடைநேரம் ஏற்றினார்கள். டென்மார்க்கோடும் ஐரோப்பாவோடும் அலுவல் நேரத்தில் கூடுதலாக ஒரு மணி ஒத்துப்போக வேண்டும் என்பது காரணம். இதை "நிரந்தரக் கோடைநேரம்" என்றால் 2024-இல் வந்ததை என்னவென்று சொல்வது?

அதனால் சொல்லில் "சீர்நேரம்" இருந்தே ஆக வேண்டும். பெயர்ச்சியா மாற்றமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

ரவி எழுதியது:

சரி, நிரந்தரக் கோடைநேரத்தைக் கைவிடுகிறேன். ஆனாலும் பெயர்ச்சிக்கு என் ஓட்டு இல்லை. "சீர்நேர மாற்றம்" போதும். ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தமிழாசிரியர் (ஓய்வு) எழுதியது:

கோபமில்லை தம்பி. ஆனால் "சீர்நேர மாற்றம்" என்று படிப்பவர், சீர்நேரத்திலிருந்து கோடைநேரத்துக்கு மாறுவது என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. நீங்கள் பிரிக்க நினைப்பதே இந்த இரண்டையும்தானே? பெயர்ச்சியில் அந்த மயக்கம் இல்லை, பெயர்வது சீர்நேரமே.

முருகேசன் எழுதியது:

ஐயா சொன்ன மயக்கம் எனக்கும் படுகிறது. இப்போதைக்குச் சொல்தொகுப்பில் "சீர்நேரப் பெயர்ச்சி" என்று ஏற்றுகிறேன், ரவியின் மறுப்பையும் குறிப்பில் சேர்த்து. இலங்கைப் பதிப்பான `ta_LK` கோப்பில் "நியம நேரப் பெயர்ச்சி" என்று வரும். நவம் அண்ணா பார்த்துச் சொல்லுங்கள். வரி இப்படி:

"உங்கள் பகுதியில் சீர்நேரப் பெயர்ச்சி நடந்துள்ளது. இதற்கு முன் குறித்த சந்திப்புகளின் நேரத்தைச் சரிபார்க்கவும்."

செல்வி எழுதியது:

வரி நன்றாக இருக்கிறது. ஒன்று மட்டும் பாக்கி. மொரோக்கோ 2018 அக்டோபரில் தன் சீர்நேரத்தை யூடிசி+1-க்குப் பெயர்த்தது. அந்த ஆண்டு கடிகாரத்தைப் பின்னுக்கு வைக்க இரண்டே நாள் இருந்தபோது வந்த முடிவு. ஆனால், ரமலான் மாதத்தில் மட்டும் ஒரு மணி குறைத்துப் பூச்சியத்துக்குப் போய்வருகிறார்கள். நேரத் தரவின் முதன்மை வடிவத்தில் ரமலானுக்குத்தான் `isdst=1`. உங்கள் செயலி அதை அப்படியே எடுத்துக்கொண்டால், கடிகாரம் பின்னுக்குப் போகும் நாளில் காசாபிளாங்கா பயனருக்குக் "கோடைநேரம் தொடங்கியது" என்று அறிவிப்புப் போகும். இது பெயர்ச்சியும் இல்லை, கோடையும் இல்லை. அந்த இன்னோர் அறிவிப்பில் என்ன சொல் போட்டிருக்கிறீர்கள்?

முருகேசன் எழுதியது:

"கோடைநேரம்" என்றுதான் போட்டிருக்கிறேன். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.