டாக்சி ஓட்டுபவர்களின் உதவி தேவை: ஒரு சிறுகதைக்காக

வணக்கம். டர்பனில் டாக்சி ஓட்டும் சாட்ஸ்வொர்த்துக்காரர் ஒருவரைப் பற்றிச் சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கார் அவருடையதல்ல; வாராவாரம் சொந்தக்காரருக்கு வாடகை கட்ட வேண்டும். கிங் ஷாகா விமான நிலையத்தில் சவாரிக்குக் காத்திருக்கும்போது, பந்தயச் செயலியில் குட்டி விமானம் மேலேற மேலேறக் கட்டிய பணத்தின் மடங்கு கூடும் ஆட்டத்தில் 100 ராண்ட் கட்டுகிறார். விமானம் மறைவதற்குள் 90 மடங்கில் பணத்தை எடுத்துவிடுகிறார். 9,000 ராண்ட்!

சராசரியாக நூற்றுக்கு 97 திருப்பித் தரும் ஆட்டத்தில் 90 மடங்கு வருவது ஏறக்குறைய நூறு சுற்றுக்கு ஒருமுறைதான். அவரோ அதைத் தன் கைராசி என்று நம்பிவிடுகிறார். அன்றிலிருந்து இரண்டு மடங்கு, மூன்று மடங்கெல்லாம் அவருக்குச் சில்லறை. எடுக்காமல் காத்திருக்கிறார், விமானம் பறந்துவிடுகிறது. ஒரு சுற்று சில நொடிதான், சவாரி வருவதற்குள் எத்தனையோ சுற்று. தோற்கும்போதெல்லாம் "அவன் கொடுத்த பணம்தானே" என்கிறார். (கதையிலேயே எனக்குப் பிடித்த வரி இதுதான்.)

தடுமாறுவது அடுத்த காட்சியில். மிச்சப் பணத்தை வங்கிக்கு மாற்றச் சொல்லிவிட்டு, அது வந்து சேருமுன்பே ரத்துசெய்து மறுபடி ஆடுவதாக எழுதியிருக்கிறேன். நீங்கள் பார்த்த செயலிகளில் அப்படிச் செய்ய முடிகிறதா, எவ்வளவு நேரம்வரை? அப்புறம், வாடகைக்குப் பணம் குறைந்தால் கார்க்காரரிடம் ஓட்டுநர்கள் வழக்கமாக என்ன சாக்குச் சொல்வார்கள்?