ஜனவரியில் கனடா போகும் தம்பிக்குப் பெட்டி கட்டுகிறோம், உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கயல்:
தம்பிக்கு ஜனவரியில் கல்லூரி தொடங்குகிறது. டிக்கெட்டில் 2PC என்று போட்டிருக்கிறது. ஒரு பெட்டிக்கு 23 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ என்று விமான நிறுவனத்தின் விதிகளிலும் பார்த்துவிட்டோம். நேற்று ராத்திரி எல்லாவற்றையும் அடுக்கி எடை போட்டோம். ஒரு பெட்டி 27.3, இன்னொன்று 21.4. காலிப் பெட்டியே ஒவ்வொன்றும் நாலரை கிலோவுக்கு மேல் இருக்கிறது, அதனால் பொருளுக்கு என்று கிடைப்பது பெட்டிக்குப் பதினெட்டு கிலோ சொச்சம்தான்.

சித்தப்பா குளிர் ஜாக்கெட்டையும் ஸ்வெட்டர்களையும் காற்று உறிஞ்சும் பையில் போட்டு அப்பளம் மாதிரி தட்டையாக்கிக் கொடுத்தார். நிறைய இடம் கிடைத்தது. அந்த இடத்தில் புத்தகம், கெட்டில், பூட்ஸ் எல்லாம் ஏறிக்கொண்டது, எடை அங்கேதான் கூடியது. இடம் இருக்கிறது, கிலோதான் இல்லை. எதை எடுக்கலாம், எதை விடலாம்? போய்வந்தவர்கள் நடந்ததைச் சொல்லுங்கள்.

வசந்தி:
நான் விமான நிலைய செக்-இன் கவுண்டரில் பல வருடம் வேலை பார்த்தவள். மாணவர்கள் கிளம்பும் மாதங்களில் தினமும் பார்க்கும் காட்சி இது: வரிசையை விட்டு விலகி, தரையில் பெட்டியைத் திறந்து, அம்மா ஒரு பக்கம் அப்பா ஒரு பக்கம் பொருளை மாற்றிக்கொண்டிருப்பார்கள். அதில் பாதிப் பேர், "இரண்டும் சேர்த்து 46க்குள்தானே இருக்கிறது, அப்புறம் என்ன?" என்று கேட்பார்கள். 2PC என்று இருந்தால் ஒவ்வொரு பெட்டியும் தனியாக 23க்குள் இருக்க வேண்டும். டிக்கெட்டில் 30K என்று கிலோக் கணக்கு போட்டிருந்தால் மட்டும்தான் மொத்த எடையைப் பெட்டிகளுக்குள் பிரித்துக்கொள்ள முடியும். அப்போதும் ஒரே பெட்டி 32ஐத் தாண்டினால் வாங்க மாட்டார்கள், தூக்கிப் போடும் ஆட்களின் முதுகுக்காக வைத்த வரம்பு அது, கூடுதல் பணம் கட்டினாலும் நடக்காது.

உடம்பில் போட்டிருக்கும் ஜாக்கெட்டையும் காலில் இருக்கும் பூட்ஸையும் நாங்கள் எடை போட்டதில்லை. தம்பி இரண்டையும் போட்டுக்கொண்டே வரட்டும். விமானத்துக்குள் வியர்த்தால் ஜாக்கெட்டைக் கழற்றி மேலே வைத்துவிடலாம். ஒன்று மட்டும் பாருங்கள் கயல், நடுவில் மாறும் விமானம் வேறு டிக்கெட்டாக இருந்தால் அந்த விமானத்தின் எடை வரம்பு தனி. அது குறைவாக இருந்தால் அதற்குத் தகுந்த மாதிரிதான் கட்ட வேண்டும்.

சுந்தர்:
அடாப்டர் பற்றி ஒரு வார்த்தை. அது பின்னின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. கனடாவில் 120 வோல்ட். அதனால் லேப்டாப், போன், கெட்டில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நல்ல கன்வெர்ட்டர் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் எதுவும் வேலை செய்யாது.

பிரபு:
சுந்தர் அண்ணா, முதல் பாதி சரி, இரண்டாவது பாதி தேவையில்லாத செலவு. லேப்டாப், போன் சார்ஜரைத் திருப்பி அதில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். `INPUT: 100-240V ~ 50/60Hz` என்று இருந்தால் இரண்டு வோல்டேஜுக்கும் அது தானே பழகிக்கொள்ளும், பின்னை மாற்றினால் போதும். 230 என்று மட்டும் எழுதியிருக்கும் சாதனம்தான் பிரச்சினை.

கயல் சொன்ன கெட்டில் அந்த ரகமாகத்தான் இருக்கும். 230 வோல்டில் 1500 வாட் தரும் கெட்டில் 120இல் ஏறக்குறைய 400 வாட்தான் தரும், வோல்டேஜ் பாதியானால் சூடு கால்வாசி ஆகிவிடும். எரிந்துபோகாது, ஆனால் தண்ணீர் கொதிக்க நாலு மடங்கு நேரம். அதற்காக 1500 வாட் தாங்கும் டிரான்ஸ்பார்மர் எடுத்துப் போனால் அதுவே பல கிலோ. எதிர்த்திசையில் வருபவர்கள்தான் பயப்பட வேண்டும். 120 வோல்ட் ஹேர் டிரையரை 230இல் செருகிய ஒருவரின் அறைக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன், கருகிய வாடை மறுநாள் வரை போகவில்லை.

லேப்டாப்புக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. சார்ஜர் செங்கல்லிலிருந்து சுவருக்குப் போகும் ஒயர் பெரும்பாலும் கழற்றுகிற மாதிரிதான் இருக்கும். அங்கே போய் அந்த ஒயரை மட்டும், அந்த ஊர்ப் பின்னோடு வாங்கினால் லேப்டாப்புக்கு அடாப்டரே வேண்டாம். எர்த் பின் இல்லாத மலிவு அடாப்டரில் போட்டால் உலோக உடம்பு லேப்டாப்பில் கை வைக்கும்போது சிலருக்கு லேசாகச் சுர்ரென்று இருக்கும். ஒயரிலேயே எர்த் இருந்தால் அந்தத் தொல்லையும் இல்லை. முதல் வாரத்துக்கு இரண்டு அடாப்டர் போதும்.

சுந்தர்:
சரி பிரபு, சார்ஜரைத் திருப்பிப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடிதான் இருக்கிறது. ஷேவருக்குக் கன்வெர்ட்டர் வேண்டும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

பிரபு:
அதையும் திருப்பிப் பாருங்கள் அண்ணா.

ரம்யா:
என் மகள் செப்டம்பரில் ஸ்காட்லாந்து போனாள். நாங்கள் கனமான ஜாக்கெட் எதுவுமே கொடுத்தனுப்பவில்லை, அங்கே போய் மற்ற பிள்ளைகள் என்ன போடுகிறார்கள் என்று பார்த்து வாங்கிக்கொண்டாள். அங்கே பனியைவிட மழையும் காற்றும்தான் அதிகம், இறகு அடைத்த ஜாக்கெட் நனைந்தால் சுருண்டு சூடு போய்விடும், மேலே தண்ணீர் புகாத துணிதான் முக்கியம் என்றாள். நீங்களும் அங்கேயே வாங்கலாமே, பெட்டியில் ஏன் சுமக்க வேண்டும்?

நிவேதா:
ரம்யா அக்கா, செப்டம்பரில் இறங்குவதும் ஜனவரியில் இறங்குவதும் ஒன்றில்லை. நானும் ஜனவரியில்தான் வந்து இறங்கினேன். விமான நிலையக் கதவுக்கும் டாக்ஸிக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சில நிமிடத்துக்கே தலையை மூடும், இடுப்புக்குக் கீழே இறங்கும் ஜாக்கெட் வேண்டும். கடைக்குப் போய் ஜாக்கெட் வாங்கவே ஒரு ஜாக்கெட் தேவை. ஆனால் ஒன்று போதும், இரண்டாவது கனமான ஜாக்கெட் வீண் எடை.

கயல், எடையை மிச்சப்படுத்த வேண்டுமென்றால் ஸ்வெட்டர்களில் கை வையுங்கள். உடம்போடு ஒட்டும் தெர்மல் இரண்டு மூன்று ஜோடி, அதன் மேல் ஃபிளீஸ் ஒன்றோ இரண்டோ, அதற்கு மேல் காற்றைத் தடுக்கும் ஜாக்கெட். மெல்லிய அடுக்குகளுக்கு நடுவில் நிற்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது, துணியின் கனம் இல்லை. உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். பஸ்ஸைப் பிடிக்க ஓடி வியர்த்தால் அந்த ஈரம் துணியிலேயே தங்கும், அப்புறம் நின்றதும் குளிர் உள்ளே ஏறும். பருத்திச் சாக்ஸுக்கும் இதேதான். பிறகு இறகு ஜாக்கெட்டாக இருந்தால் மாதக்கணக்கில் காற்று உறிஞ்சிய பையில் வைக்காதீர்கள், உப்பல் போய்விடும்.

பூட்ஸ் பற்றி எனக்கே முடிவு இல்லை. நான் கொண்டுவந்தது பனியில் வழுக்கியது, அங்கேயே வாங்கியது வழுக்கவில்லை, ஆனால் முதல் நாள் காலுக்கு என்ன செய்வது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை.

ரம்யா:
நிவேதா சொல்வது ஜனவரிக்குப் பொருந்தலாம். தெரிந்தவர்கள் யாராவது விமான நிலையத்துக்கு ஜாக்கெட்டோடு வந்தால் அதுவும் வேண்டாமே என்று தோன்றுகிறது.

கயல்:
எல்லோருக்கும் நன்றி. இன்று திரும்பக் கட்டினோம். 27.3 பெட்டியிலிருந்து ஜாக்கெட் 1.7, பூட்ஸ் 1.5, இரண்டும் தம்பி மேல் போகிறது. மிச்சம் 24.1. கெட்டிலை எடுத்தாயிற்று, அது 0.9, இப்போது 23.2. புத்தகத்தில் 0.9 கிலோவை இன்னொரு பெட்டிக்கு மாற்றினோம், இரண்டும் 22.3இல் நிற்கிறது. மூன்று ஸ்வெட்டரை எடுத்துவிட்டு அதே எடைக்கு ஃபிளீஸும் தெர்மலும் வைக்கிறோம். பவர் பேங்க் பெட்டியில் இருக்கிறது, 20000 mAh. அப்படியே விடலாமா?

வசந்தி:
இப்போதே எடுத்துக் கைப்பையில் வையுங்கள். பவர் பேங்க் கீழே போகும் பெட்டியில் போகவே கூடாது, ஸ்கேனில் தெரிந்தால் பெட்டியை நிறுத்திவிடுவார்கள். வரம்பு 100 வாட்-அவர், உங்களுடையது 74தான், அதனால் கையில் கொண்டுபோகத் தடையில்லை. ஒரு செட் தெர்மலும் மாத்திரையும் கைப்பையிலேயே இருக்கட்டும், பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்த மாணவர்கள் அதில்தான் சமாளித்தார்கள்.

அந்த 0.7 கிலோ இடைவெளியைக் கடைசி நேரத்தில் எதையாவது போட்டு நிரப்பாதீர்கள், வீட்டுத் தராசும் கவுண்டர் தராசும் ஒன்றாகக் காட்டாது. பெட்டியில் ஒட்டும் சீட்டில் கடைசி ஊரின் குறியீடு இருக்கிறதா என்று தம்பி கவுண்டரிலேயே நின்று பார்க்கட்டும். நடுவில் மாறும் ஊரின் குறியீடு மட்டும் இருந்தால் அங்கே பெட்டியை எடுத்துத் திரும்பப் போட வேண்டியிருக்கும்.