ஆர்.பி.டி. போட்டவர்களே, பிளாக்கை எந்தப் பக்கமாக அமைத்தீர்கள்?

வரப்போரம்

வயலைப் பிளாக்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிளாக்குக்குள்ளும் ட்ரீட்மென்டுகளைக் குலுக்கிப் போடும் ஆர்.பி.டி.யில் அனுபவம் இருப்பவர்கள் எழுதுங்கள். நான் முதலில் தொடங்கிவைக்கிறேன்.

மக்காச்சோளத்தில் நைட்ரஜன் சோதனை. எக்டேருக்கு 0, 40, 80, 120, 160 கிலோ என்று ஐந்து ட்ரீட்மென்ட், நான்கு ரெப்ளிகேஷன், ஆக 20 பிளாட். நிலம் ஒரு பக்கம் மேடு, எதிர்ப்பக்கம் தாழ்வு. மேட்டில் மேல்மண் அரித்துப் போய்ச் சரளை தெரியும். அரித்த மண்ணெல்லாம் தாழ்வில் படிந்திருப்பதால் உரமே போடாவிட்டாலும் அங்கே பயிர் கருகருவென்று நிற்கும்.

முதலில் வந்த வரைபடத்தில் நான்கு பிளாக்கும் மேட்டிலிருந்து தாழ்வு வரை நீளமாக ஓடின. பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு பிளாக்கிலும் ஒரு பிளாட் சரளையில், இன்னொன்று வண்டலில் விழுந்தது. இப்படிப் போட்டால் நான்கு பிளாக்கும் ஒன்றுபோல இருக்கும், உள்ளே இருக்கும் ஐந்து பிளாட்டுகள்தான் வேறுபடும். நமக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது.

அதனால் சரிவுக்குக் குறுக்கே திருப்பினோம். மேட்டில் முதல் பிளாக், அதற்குக் கீழே இரண்டாவது, இப்படியே தாழ்வு வரை. பிளாக்குக்குள் பிளாட்டுகள் பக்கம் பக்கமாக, நீளப்பக்கம் சரிவின் போக்கிலேயே இருக்கும்படி வைத்தோம். அப்போதுதான் ஒரே பிளாக்கின் ஐந்து பிளாட்டுக்கும் மேடும் தாழ்வும் சம அளவில் பங்காகும். பிளாட் 6 மீட்டர் நீளம், 3.6 மீட்டர் அகலம். 60 செ.மீ. இடைவெளியில் ஆறு வரிசை. இரு ஓர வரிசைகளையும் இரு முனைகளில் அரை மீட்டரையும் விட்டுவிட்டு நடு நான்கு வரிசையை மட்டும் எடை போட்டோம். பக்கத்து பிளாட்டின் உரம் ஓர வரிசையின் வேருக்கு எட்டிவிடும்.

நாற்றங்கால்

வணக்கம் சார். மூன்று ரெப்ளிகேஷன் போட்டாலே போதுமே, எதற்கு நான்கு? நாங்கள் எப்போதும் மூன்றுதான் போடுகிறோம், எல்லாரும் ஏற்றுக்கொள்கிறார்கள். இடமும் ஆள்கூலியும் மிச்சம்.

எண்கணக்கர்

நீங்கள் சொல்வது ட்ரீட்மென்ட் எண்ணிக்கையைப் பொறுத்தது. பிழைக்கான டிகிரி ஆஃப் ஃப்ரீடம், ட்ரீட்மென்டில் ஒன்று குறைத்து, ரெப்ளிகேஷனில் ஒன்று குறைத்து, இரண்டையும் பெருக்கினால் வரும். ஏழு ட்ரீட்மென்ட் வைத்து மூன்று ரெப்ளிகேஷன் போட்டால் 6 × 2 = 12. வரப்போரம் வைத்திருப்பது ஐந்து. மூன்று ரெப்ளிகேஷனில் 4 × 2 = 8தான் கிடைக்கும், நான்கில் 12. குறைந்தது பன்னிரண்டு இருக்கட்டும் என்பது வயல் சோதனைக்காரர்களின் வழக்கம், அவ்வளவுதான். அது சட்டம் இல்லை. மண் ரொம்ப மாறுபட்டால் பன்னிரண்டும் பற்றாது.

பிளாக்கைத் திருப்பிப் போட்டதால் என்ன லாபம் என்பதை எண்ணில் பார்ப்போம். கணக்கு எளிதாக வரட்டும் என்று மொத்த வர்க்கக் கூட்டை 100 என்று வைக்கிறேன். அதில் ட்ரீட்மென்ட் 36, பிளாக் 40, மீதி 24 பிழை. 24ஐ 12ஆல் வகுத்தால் 2. ட்ரீட்மென்டின் 36ஐ 4ஆல் வகுத்தால் 9. F மதிப்பு 4.5. அட்டவணையில் 5 சதவீதத்துக்கு 3.26தான், ஆக வித்தியாசம் உண்டு.

இப்போது பிளாக்கே இல்லாமல் 20 பிளாட்டையும் ஒரே குலுக்கலில் போட்டதாக நினையுங்கள். பிளாக்கில் அடங்கிய அந்த 40 எங்கும் போய்விடாது, பெரும்பாலும் பிழையில் வந்து சேரும். பிழை 64, டிகிரி 15, வகுத்தால் 4.27. F 2.1க்கு இறங்கிவிடும். அட்டவணை கேட்பது 3.06. அதே உரம், அதே பயிர், ஆனால் “வித்தியாசம் இல்லை” என்று எழுத வேண்டியிருக்கும். பிளாக்கைச் சரிவின் போக்கில் நீளமாகப் போட்டாலும் ஏறத்தாழ இதே கதிதான். அதோடு மூன்று டிகிரியும் வீணாகும்.

மண்வாசி

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஓர் இடத்தில் ஐந்து பெரிய பிளாட் மட்டும் போட்டு, ஒவ்வொன்றிலும் நான்கு மூலையில் மாதிரி எடுத்து “நான்கு ரெப்ளிகேஷன்” என்று எழுதியிருந்தார்கள். அது ரெப்ளிகேஷனே இல்லை. 160 கிலோ போட்ட பிளாட் தற்செயலாகப் பழைய எருக்குழி மேல் விழுந்திருந்தால் நான்கு மாதிரியும் எருக்குழியைத்தான் காட்டும். உரத்தைத் தனித்தனியாக நான்கு வெவ்வேறு பிளாட்டுகளில் போட்டிருந்தால்தான் நான்கு.

வரப்போரம், குலுக்கல் எப்படிப் போட்டீர்கள்?

வரப்போரம்

ஐந்து சீட்டு எழுதி மடித்து டப்பாவில் போட்டு, முதல் பிளாக்குக்கு ஒவ்வொன்றாக எடுத்தோம். பிறகு ஐந்தையும் திரும்ப உள்ளே போட்டுக் குலுக்கி, இரண்டாவது பிளாக்குக்குப் புதிதாக எடுத்தோம். முதல் வரிசையையே நான்கு பிளாக்கிலும் எழுதிவிடலாம் என்று ஒருவர் சொன்னார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படி எழுதினால் 0 கிலோ பிளாட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் 160 கிலோ பிளாட்டே நிற்க நேரலாம். உயர்ந்து வளர்ந்த பயிரின் நிழல் நான்கு தடவையும் ஒரே ட்ரீட்மென்ட் மேல் விழும், எத்தனை ரெப்ளிகேஷன் இருந்தாலும் அது தெரியவராது.

யூரியாவைக் களத்தில் அளக்கவில்லை. 120 கிலோ என்றால் 21.6 சதுர மீட்டர் பிளாட்டுக்கு 259 கிராம் நைட்ரஜன். யூரியாவில் 46 சதவீதம் என்பதால் 563 கிராம். முந்தின நாளே பொட்டலம் கட்டி, பிளாட் எண் எழுதி வைத்துவிட்டோம்.

கதிர்முற்றம்

எனக்கு வேறு பிரச்சினை. இரண்டாவது பிளாக்கில் ஒரு பிளாட்டைக் காட்டுப்பன்றி மொத்தமாக அழித்துவிட்டது. பக்கத்து இரண்டு பிளாட்டின் சராசரியை அங்கே போட்டுவிடலாமா? இல்லை, பூஜ்யம் போடுவதா?

எண்கணக்கர்

இரண்டும் வேண்டாம். பக்கத்து பிளாட்டில் இருப்பது வேறு ட்ரீட்மென்ட். பூஜ்யம் போட்டால் பன்றி செய்ததை உரத்தின் தலையில் கட்டுவதாகிவிடும். அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். R-இல் செய்வதானால் பிளாக்கை முன்னால் எழுதுங்கள்:

```
aov(yield ~ block + trt)
```

block, trt இரண்டும் எண்ணாக இல்லாமல் factor ஆக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிழையின் டிகிரியில் ஒன்று குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் எங்கோ ஓர் எண் நுழைந்திருக்கிறது. ஒன்று மட்டும் யோசியுங்கள்: அதிக உரம் போட்ட பயிர் செழித்து நின்றதால்தான் பன்றி அங்கே வந்ததா? அப்படியானால் இது தற்செயலான இழப்பு இல்லை, எந்தச் சூத்திரமும் அதைச் சரிசெய்யாது.

மண்வாசி

அறுவடை பற்றியும் சொல்ல வேண்டும். மழை வரும்போலிருந்தால் தொடங்கிய பிளாக்கை முழுதாக முடித்துவிட்டு நிறுத்துங்கள். இரண்டு பிளாக் இன்று, இரண்டு நாளை என்றால் ஈரப்பத வித்தியாசம் பிளாக்கோடு போய்விடும். பாதி பிளாக்கில் நிறுத்தினால் அது ட்ரீட்மென்ட் வித்தியாசமாக வேடம் போடும். களையெடுப்பும் அப்படித்தான். பயிர் உயரம் அளக்க இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கு இரண்டு பிளாக்காகப் பிரியுங்கள்; ட்ரீட்மென்டைப் பிரித்துக்கொள்ளாதீர்கள்.

நாற்றங்கால்

சரி, எங்கள் போன பருவத்துச் சோதனையில் பிளாக்கின் F ஒன்றுக்கும் கீழே வந்தது. அப்படியானால் பிளாக்கை எடுத்துவிட்டுக் கணக்கை மறுபடி போடலாமா? பிழைக்கு டிகிரி கூடுமே.

எண்கணக்கர்

குலுக்கல் பிளாக்குக்குள் நடந்தது. கணக்கும் அதைப் பின்பற்றித்தான் இருக்க வேண்டும். முடிவைப் பார்த்துவிட்டு மாதிரியை மாற்றுவது எனக்கு ஒப்பவில்லை.

மண்வாசி

நானும் எடுக்க மாட்டேன். ஆனால் எட்டு டிகிரி மட்டும் இருக்கும்போது, பிளாக் மிகச் சிறியதாக வந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் அனுபவசாலிகளும் இருக்கிறார்கள். சேர்ப்பதாக இருந்தால், எந்த அளவுக்குக் கீழே போனால் சேர்ப்போம் என்று விதைப்புக்கு முன்னாலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். நாற்றங்கால், உங்கள் பிளாக்குகள் எந்தப் பக்கமாக ஓடின? அந்த வரைபடத்தை முதலில் போடுங்கள், F ஏன் இறங்கியது என்று பார்க்கலாம்.