ஆகஸ்ட் ஐந்துக்குள் கொடுக்க வேண்டிய மனு

(குடும்ப வாட்ஸ்அப் குழு. 14 ஜூலை 2019, ஞாயிறு)

மீனா, காலை 9:10
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அடுக்ககத்தில் ஒரு வீட்டில் இரண்டு ஆண்டுகளாக வேலை செய்யும் அக்கா ஒருவர், தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார். காலை 7:30 முதல் 11:30 வரை பாத்திரம் தேய்த்து, வீட்டைப் பெருக்கித் துடைத்து, துணி துவைத்துக் காயப்போடுகிறார். மாதம் 2,500 ரூபாய் தருகிறார்கள், ஞாயிறு விடுமுறை. அவர் பெயரையும் அந்த வீட்டு எண்ணையும் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு பக்கம் எழுதிவிட்டேன், ஆனால் அனுப்பத் தயக்கமாக இருக்கிறது. சித்தப்பா, நீங்கள் அந்தத் துறையில் இருந்தவர் என்பதால் பார்த்துச் சொல்ல முடியுமா?

மணி மாமா, காலை 9:24
மீனா, அந்தப் பெண்ணிடம் வீட்டுப் பணியாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்று முதலில் கேள். இருந்தால் வாரியத்திலேயே மனு கொடுத்துவிடலாம். எங்கள் தெருவில் பூ கட்டும் அம்மாவின் மகள் படிப்புக்கு அப்படித்தான் வாரியத்திலிருந்து பணம் வந்தது.

சித்தப்பா, காலை 9:41
மாமா சொல்வது வேறு விஷயம். வாரியம் கல்விக்கும் திருமணத்துக்கும் உதவித்தொகை கொடுக்கும். ஒரு வீட்டுக்காரர் குறைத்துக் கொடுத்த சம்பளத்தை வசூலித்துத் தராது. மீனா, நீ எழுதியதை யாருக்கு முகவரியிட்டிருக்கிறாய்?

மீனா, காலை 9:44
தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) என்று போட்டிருக்கிறேன், சித்தப்பா.

சித்தப்பா, காலை 10:02
தவறில்லை, ஆனால் அது பாதிதான். உன் கடிதம் ஒரு புகார். அதைப் பார்த்து ஆய்வாளர் விசாரிப்பார். சில சமயம் வீட்டுக்காரரை அழைத்துப் பேசுவார். பணத்தை வாங்கித் தரும் வழி, 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலர் முன் கொடுக்கும் கோரிக்கை மனு. ஊதியம் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அந்த மனு போய்ச் சேர வேண்டும். புகார்க் கடிதம் கொடுத்துவிட்டோம், அலுவலகத்தில் கையெழுத்தும் வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்து, ஒவ்வொரு மாதமாக இழந்தவர்களை நான் பணியில் இருந்தபோது நிறையப் பார்த்திருக்கிறேன். புகாருக்காக அந்த ஆறு மாதம் காத்திருக்காது. அவருக்குச் சம்பளம் எந்தத் தேதியில் கொடுக்கிறார்கள்?

மீனா, காலை 10:05
மாதந்தோறும் 5-ஆம் தேதி, கையில் ரொக்கமாக.

சித்தப்பா, காலை 10:11
அப்படியானால் டிசம்பர் மாத ஊதியத்துக்கான காலம் இந்த மாதம் 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஜனவரி ஊதியம் பிப்ரவரி 5 அன்று கொடுக்கப்பட வேண்டியது. அதற்கு ஆகஸ்ட் 5 வரை நேரம் இருக்கிறது. தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டினால் பழைய மாதங்களையும் ஏற்றுக்கொள்ள அந்த அலுவலருக்கு அதிகாரம் உண்டு. ‘எனக்குச் சட்டம் தெரியாது’ என்பதை எல்லோரும் காரணமாக ஏற்பார்கள் என்று நம்பி எழுதாதே. ஜனவரி முதல் ஜூன் வரை உறுதியாகக் கேள். அதற்கு முந்தையதைத் தனிப் பத்தியில், தாமதத்தைப் பொறுக்கும்படி வேண்டிக் கேள்.

முரளி, காலை 10:30
கணக்கை நான் போட்டுவிட்டேன். 2018 ஆகஸ்டில் வந்த அரசாணைப்படி, எட்டு மணி நேர வேலைக்கு மாதம் 6,836 ரூபாய். இவர் பாதி நேரம் வேலை செய்வதால் பாதித் தொகை, அதாவது 3,418. கொடுத்தது 2,500. குறைவு 918, ஆறு மாதத்துக்கு 5,508 ரூபாய். இதற்குப் பத்து மடங்கு இழப்பீடு உண்டு என்பதால் ஐம்பத்தைந்தாயிரத்துக்கு மேல் கிடைக்கும்.

சித்தப்பா, காலை 10:52
முரளி, அரசாணை சரி, பாதியாக்கியதுதான் சரியில்லை. அதே அரசாணையில் மணிக்கணக்கு ஊதியம் தனியாக இருக்கிறது. பயிற்சி தேவைப்படாத வேலைக்கு மணிக்கு 37 ரூபாய். பகுதி நேரமாக வருபவருக்கு அதைத்தான் எடுக்க வேண்டும். நான்கு மணிக்கு ஒரு நாளைக்கு 148 ரூபாய். இழப்பீடு பத்து மடங்கு வரை கொடுக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. எவ்வளவு என்பது விசாரிக்கும் அலுவலர் முடிவு. அந்த அம்மாவிடம் ஐம்பத்தைந்தாயிரம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

மீனா, காலை 11:15
நான் மாதம் 26 நாள் என்று வைத்துப் போட்டிருந்தேன். 148-ஐ 26-ஆல் பெருக்கினால் 3,848. குறைவு மாதம் 1,348, ஆறு மாதத்துக்கு 8,088 ரூபாய்.

சித்தப்பா, காலை 11:22
சராசரி போடாதே, நாட்காட்டியை எடுத்து எண்ணு. வந்த நாளுக்குத்தான் கேட்க முடியும்.

மீனா, நண்பகல் 12:08
எண்ணிவிட்டேன். ஞாயிறு நீங்கலாக ஜனவரியில் 27, பிப்ரவரியில் 24, மார்ச்சிலும் ஏப்ரலிலும் 26, மே மாதம் 27, ஜூனில் 25, ஆக 155 நாள். அதில் மகன் காய்ச்சலில் கிடந்தபோது ஐந்து நாள் வரவில்லையாம், அதற்குச் சம்பளம் பிடிக்கவில்லை. 150 நாளுக்கு 22,200 ரூபாய், பெற்றது 15,000, குறைவு 7,200 ரூபாய். நான் முதலில் எழுதியதைவிட 888 ரூபாய் குறைகிறது.

சித்தப்பா, நண்பகல் 12:20
அந்த 888 ரூபாயை அப்படியே விட்டிருந்தால், ‘வராத நாளுக்கும் காசு கேட்கிறார்’ என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாக்கியமாக இருக்கும். இனி ஒன்று: ஏப்ரல் முதல் அகவிலைப்படி கூடும். இந்த ஆண்டுக்கான அட்டவணையை அலுவலகத்திலேயே கேட்டு வாங்கி, ஏப்ரல், மே, ஜூன் கணக்கைத் திருத்து. 7,200 என்பது அதைச் சேர்க்காத தொகை என்று குறித்து வைத்துக்கொள்.

பெரிய அத்தை, மதியம் 1:35
நீங்கள் எல்லோரும் பேசுவதைக் கேட்டால் என்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது போல் இருக்கிறது. என் வீட்டில் வேலை செய்பவளுக்கு மாதம் 2,000 கொடுக்கிறேன். தினமும் டிபன், காபி, பொங்கலுக்குப் புடவை. அவளே சம்மதித்த தொகை அது. இதையெல்லாம் சம்பளத்தில் சேர்க்க மாட்டார்களா?

சித்தப்பா, மதியம் 2:10
அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். குறைந்தபட்ச ஊதியத்தைப் பணமாகத்தான் கொடுக்க வேண்டும். பொருளாகக் கொடுப்பதற்கு அரசு தனியாக அனுமதித்திருந்தால் ஒழியச் சேர்க்க முடியாது. டிபனும் புடவையும் உங்கள் அன்பு, கணக்கில் வராது. அவர் சம்மதித்தார் என்பதும் நிற்காது. குறைவாக வாங்கிக்கொள்ளச் செய்த ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் வீட்டில் எத்தனை மணி நேரம் வேலை?

பெரிய அத்தை, மதியம் 2:14
ஒன்றரை மணி நேரம் இருக்கும். விருந்தாளிகள் வந்தால் கூடும்.

சித்தப்பா, மதியம் 2:19
ஒன்றரை மணிக்கு 26 நாள் வைத்தால் 1,443 வருகிறது. அகவிலைப்படி சேர்த்தாலும் நீங்கள் கூடுதலாகத்தான் கொடுக்கிறீர்கள். விருந்தாளிகள் வரும் நாளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீனா, மாலை 4:40
ஆதாரம்தான் எனக்குக் கவலை. வாயிலில் வாட்ச்மேன் வைத்திருக்கும் வருகைப் பதிவேட்டில் அவர் 7:20-க்கு உள்ளே வந்ததாகவும் மதியம் 1:40-க்கு வெளியே போனதாகவும் இருக்கிறது. ஏனென்றால் 11:30-க்குப் பிறகு அதே கட்டடத்தில் இன்னொரு வீட்டுக்குப் போகிறார்.

முரளி, மாலை 4:46
அப்படியானால் ஆறு மணி நேரத்துக்கும் மேல் இருந்ததாகப் பதிவேடே சொல்கிறதே, நல்லதுதானே?

சித்தப்பா, மாலை 5:03
நல்லதில்லை. ‘என் வீட்டில் ஒன்றரை மணி நேரம்தான் இருந்தார், மீதி நேரம் வேறு வீட்டில் இருந்தார்’ என்று எதிர்மனுதாரர் சொன்னால், அதே பதிவேடு அவருக்கும் சாட்சியாகிவிடும். இரண்டாவது வீட்டை மறைக்காமல் நாமே மனுவில் எழுதிவிட வேண்டும். தம் வீட்டுக்கு 11:30-க்குத்தான் வருகிறார் என்று அந்த வீட்டு அம்மா ஒரு வரி எழுதிக் கொடுத்தால், இந்த வழக்கில் அதைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது. கடன் ஏதாவது வாங்கியிருக்கிறாரா?

மீனா, மாலை 5:10
ஆமாம், மார்ச்சில் 5,000 ரூபாய் முன்பணம். இன்னும் பிடிக்கத் தொடங்கவில்லை. அதை எழுத வேண்டாம் என்றார்.

சித்தப்பா, மாலை 5:16
எழுதச் சொல். நாம் சொன்னால் அது ஒரு தகவல், அவர்கள் சொன்னால் அது நம் பொய்.

மீனா, இரவு 8:25
திருத்திய பகுதியை இங்கே இடுகிறேன்.
“நான் எதிர்மனுதாரர் வீட்டில் 2017 ஜூன் முதல் வேலை செய்து வருகிறேன். ஞாயிறு தவிர நாள்தோறும் காலை 7:30 முதல் 11:30 வரை பாத்திரம் தேய்த்தல், பெருக்கித் துடைத்தல், துணி துவைத்தல் ஆகிய வேலைகளை ஓய்வின்றிச் செய்கிறேன். 11:30-க்குப் பின் அதே கட்டடத்தில் வேறொரு வீட்டில் வேலை செய்கிறேன். அந்த நேரத்துக்கு இந்த மனுவில் எதுவும் கோரவில்லை. 2019 ஜனவரி முதல் ஜூன் வரை 150 நாள் வேலைக்கு 15,000 ரூபாய் ரொக்கமாகப் பெற்றேன். மார்ச் மாதம் முன்பணமாக 5,000 ரூபாய் பெற்றேன்; அதை மாதத் தவணையில் திருப்பித் தரச் சம்மதிக்கிறேன். மனுதாரர் சொல்லச் சொல்ல எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டியவர்: மீனா.”

சித்தப்பா, இரவு 8:50
கடைசி வரி மிகவும் அவசியம். நீ எழுதித் தரலாம், அதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள். ஆனால் வாய்தாவுக்கு அவர் சார்பாக நீ போய்ப் பேச முடியாது. தொழிலாளரே நேரில் வரலாம். இல்லையென்றால் வழக்கறிஞரோ, அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்த பதிவு பெற்ற தொழிற்சங்க நிர்வாகியோ வரலாம். உன்னைப் போன்றவர் அந்த அலுவலரின் அனுமதி பெற்றால்தான் முடியும். மனுவோடு சேர்த்து அனுமதி கோரும் கடிதம் ஒன்றும் வை. கொடுப்பார்களா என்பது அங்கே இருப்பவரைப் பொறுத்தது. ஆய்வாளரும் இந்த மனுவைத் தாக்கல் செய்ய முடியும் என்பதால், புகாரையும் அதே நாளில் கொடுத்து அதையும் கேட்டுப் பார்.

பெரிய அத்தை, இரவு 9:05
எல்லாம் சரி, மறுநாளே அந்த வீட்டில் ‘நீ வர வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால்?

சித்தப்பா, இரவு 9:20
சொல்லலாம், அக்கா. கொடுக்காத பாக்கியை இந்தச் சட்டத்தில் கேட்கலாம். வேலையைத் திரும்ப வாங்க இதில் வழி இல்லை. வேறு வீடு பார்த்த பிறகு கொடுப்பதா, இப்போதே கொடுப்பதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆகஸ்ட் 5 தாண்டினால் ஜனவரி மாதக் கணக்கு போய்விடும் என்பதை மட்டும் அவரிடம் மறைக்காதே.

(17 ஜூலை, புதன்)

மீனா, இரவு 9:30
இன்று அவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். ‘ஓய்வின்றி’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லிவிட்டார். “ஒன்பதரை மணிக்குப் பத்து நிமிடம் உட்கார்ந்து காபி குடிப்பேன் பாப்பா, அந்த அம்மாதான் போட்டுத் தருவார்கள், இல்லாததை எழுதாதே” என்றார். எடுத்துவிட்டேன். வேறு வீடு ஒன்றைச் சனிக்கிழமை பார்க்கப் போகிறாராம், அதன் பிறகே கையெழுத்து என்கிறார். இரண்டாவது வீட்டு அம்மா எழுதித் தருவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கணவரைக் கேட்டுச் சொல்கிறாராம்.

சித்தப்பா, இரவு 9:44
காபியை எடுத்துவிடாமல் எழுதியே வை. அகவிலைப்படி அட்டவணை வாங்கினாயா?

மீனா, இரவு 9:46
நாளை காலை போகிறேன், சித்தப்பா.