புதுப்பிப்பு: அழிஞ்ச சாட்டை மீட்கும் தளம்

முன்பு கேட்டது: "நம்பர் மட்டும் கொடுத்தா அழிஞ்ச வாட்ஸ்அப் சாட்டை மீட்டுத் தர்றோம்னு ஒரு தளம் சொல்லுது, நம்பலாமா?"

பதிலில் ஒருத்தர் சொன்ன சோதனையைச் செஞ்சு பார்த்தேன். நம்பருக்குப் பதிலா வெறும் பூஜ்யங்களா அடிச்சேன். அதுக்கும் பச்சைக் கோடு ஓடி, "மெசேஜ்கள் கிடைத்தன"ன்னு மங்கலா ஒரு பட்டியல் வந்தது! தெளிவா பார்க்கணும்னா, நான் மனுஷன்தான்னு நிரூபிக்க ரெண்டு ஆப் இறக்கணுமாம். அந்த இறக்கத்துலதான் அவங்களுக்குக் காசு. டெலிவரி ஆன மெசேஜ் வாட்ஸ்அப் சர்வர்ல தங்காது, வெறும் நம்பரை வெச்சு எடுக்க அங்கே ஒண்ணுமில்லைன்னு அவரே விளக்கினார். எஸ்எம்எஸ்ல வர்ற 6 இலக்க எண்ணைக் கேட்டா இன்னும் மோசம், கொடுத்தா வாட்ஸ்அப் கணக்கே கைமாறிடும்.

நோட்டிஃபிகேஷனைச் சேமிக்கிற ஆப் போதும்னு இன்னொருத்தர் சொன்னது பாதி சரி. போட்ட பிறகு வர்றதைத்தான் அது பிடிக்கும். கூடவே பேங்க் ஓடிபியையும் படிக்க வாய்ப்பிருக்கு.

போட்டோ அழிஞ்சதைக் கேட்டவருக்கு: அது வேற கதைங்க, கேலரியோட குப்பைத்தொட்டியை முதல்ல பாருங்க.

என் சாட் இன்னும் வரலை. பழைய பேக்கப்பைத் தேடிட்டிருக்கேன்.